பொட்டு வைத்த டச் சுவிட்ச்

எங்கள் சார் ஒருமுறை சிங்கப்பூர் போய் வந்தார். நான்கு நாள் தங்கினார், அதை நான்கு வருடம் பேசினார். அங்கே ஏதோ ஓட்டல் லிஃப்டில் பொத்தானே இல்லையாம், விரலை வைத்தால் போதுமாம், விளக்கு எரியுமாம். "டச்சும்மா, எல்லாமே டச்சு" என்று எங்கள் பட்டறையில் இருந்த எல்லாரிடமும் சொன்னார். டீ கொண்டு வருபவரிடமும் சொன்னார். சர்க்கரை குறைவாகப் போடச் சொல்லி முடித்த மூச்சிலேயே சொன்னார்.

பட்டறை புதுச்சேரியில், ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருந்தது. பம்ப் செட் மோட்டார்களுக்கு ஸ்டார்ட்டர் பெட்டி செய்வோம். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு அங்கே சேர்ந்திருந்தேன். போர்டு வரைவது, சால்டரிங் வைப்பது, சிப்பில் புரோகிராம் ஏற்றுவது எல்லாம் நான். விசிட்டிங் கார்டு கொடுப்பது மட்டும் சார். அந்த ஒரு வேலையை அவர் மிக நன்றாகவே செய்தார்.

சுனாமிக்கு அடுத்த வருடம் அது. மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கும் ஒரு பெரிய மனிதரை சார் எங்கேயோ கல்யாணத்தில் பிடித்துவிட்டார். உப்புக் காற்றில் மோட்டார் ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தான் ஒரு சீசன் கூடத் தாங்குவதில்லை, ஸ்பிரிங் துரு பிடித்து உள்ளேயே மாட்டிக்கொள்கிறது என்று அவர் புலம்பியிருக்கிறார். சார் விடுவாரா? பொத்தானே இல்லாத பெட்டி தருகிறேன், உப்பு எந்தப் பக்கம் நுழையும் பார்ப்போம் என்று அள்ளி விட்டிருக்கிறார். யோசனை என்னவோ நல்ல யோசனைதான், அதை நான் மறுக்கமாட்டேன். அது போயும் போயும் இவர் கையில் சிக்கியதுதான் அதன் கெட்ட நேரம்.

தொடுவதற்கென்றே விற்கும் சிப் வாங்கலாம் என்றேன். வேண்டாம், நம்மிடம் இருக்கிற சாதா சிப்பிலேயே செய் என்றார். செய்யலாம், அதில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. அக்ரிலிக் தகட்டுக்குப் பின்னால் வட்டமாக வெட்டிய ஒரு செப்புத் தகடு. அதிலிருந்து சிப்பின் ஒரு காலுக்கு ஒரு ஒயர். அந்தக் காலை முதலில் பூஜ்யத்துக்கு இழுத்துத் தகட்டைக் காலி செய்யவேண்டும். பிறகு காலை விட்டுவிட்டால், ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாகத் தகட்டில் மெல்ல மெல்ல சார்ஜ் ஏறும். கால் எப்போது 'ஒன்று' என்று சொல்கிறதோ அதுவரை சிப் எண்ணிக்கொண்டே இருக்கும். வெறும் தகடு என்றால் சீக்கிரம் நிரம்பிவிடும். முன்னால் விரல் வைத்தால் தகட்டுக்குக் கொள்ளளவு கூடும், நிரம்ப நேரம் பிடிக்கும், எண்ணிக்கை ஏறும். அவ்வளவுதான். பதினேழு இருந்த இடத்தில் இருபத்தைந்து வந்தால் யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பலமுறை எண்ணிச் சராசரி எடுத்துக்கொண்டால் ஆட்டமும் அடங்கிவிடும்.

ஆனால் அந்தப் பதினேழு எப்போதும் பதினேழாகவே இருக்காது. ஈரம் பட்டால் ஏறும், காய்ந்தால் இறங்கும். அதனால் பெட்டி ஓடும்போதே அந்த அடிக் கணக்கை மெதுவாகத் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும், அதற்கு எனக்கு இன்னும் கொஞ்ச நாள் கொடுங்கள், கடலோரத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று கேட்டேன்.

"கரண்டு வரும்போது ஒரு தடவை எண்ணிப் பாத்து வெச்சுக்குதுல்ல?"

"வெச்சுக்குது சார். ஆனா அது அப்போதைய கணக்கு. அப்புறம் பனி பெய்யும், உப்பு படியும்..."

"போதும்மா. நீ ரொம்பப் படிச்சிட்ட. வெள்ளிக்கிழமை நல்ல நாள், ஃபிட் பண்றோம்."

நல்ல நாள் பார்த்துவிட்டார், இனிமேல் யார் பேசி என்ன?

எந்த மோட்டாரில் ஃபிட் பண்ணுவது என்று வந்தபோதுதான் விஷயம் என் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. அந்தப் பெரிய மனிதரின் அளத்தில் ஒரு மூலையில் சில பாத்திகளை, விளைச்சலில் பங்கு தருவதாக, வாரத்துக்கு எடுத்து உப்பு போட்டுக்கொண்டிருந்தது என் அக்காவும் அவள் வீட்டுக்காரரும்தான். அதற்கு முன்பு வரை இரண்டு பேரும் கூலிக்கு உப்பு வாரியவர்கள். சொந்தப் பொறுப்பில் பாத்தி எடுத்தது அதுதான் முதல் வருடம். முதல் உப்பு ஒழுங்காக வாரிக் காட்டினால் அடுத்த வருடமும் பாத்தி உண்டு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன் என்று பெரிய மனிதர் கறாராகச் சொல்லியிருந்தார். "சின்ன பாத்தி, சின்ன மோட்டாரு, அங்கயே ட்ரை பண்ணிப் பாத்துக்கலாம்" என்று இப்போது கையைக் காட்டியவரும் அவரேதான். தன் பெரிய பாத்திகள் பக்கம் அவர் கை போகவில்லை, அதைக் கவனியுங்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. நான்கு பக்கமும் திறந்த ஓலைக் கொட்டகையில், இரும்புக் கம்பத்தில் பெட்டியை மாட்டினேன். முகப்பில் இரண்டு வட்டம், பச்சையில் ஆன், சிவப்பில் ஆஃப். சார் ஒரு கிண்ணத்தில் சந்தனம் குழைத்து எடுத்து வந்திருந்தார். எங்கே வைப்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பெட்டியின் நெற்றியில் இடம் இருந்தது, பக்கவாட்டில் இருந்தது, கம்பத்தில் இருந்தது. மனுஷன் நேராகப் போய்ப் பச்சை வட்டத்தின் மேலேயே மூன்று விரலால் பட்டையாக இழுத்தார், பெட்டியின் இரும்பு விளிம்பு வரைக்கும். நடுவில் குங்குமம்.

"சார், அதுமேல வேணாம் சார், அது தொடுற இடம்."

"தொடுற எடத்துலதாம்மா வெக்கணும். இதான் கண்ணு."

"அப்ப ஆஃப் மேலயும் வெக்கலாமே?" என்று அக்கா வீட்டுக்காரர் வெள்ளந்தியாகக் கேட்டார்.

சார் பதறிவிட்டார். "ஏம்பா, நிக்கிறதுக்கு யாராச்சும் பொட்டு வெப்பாங்களா? ஓடுறதுக்குத்தான் வெக்கணும். அபசகுனமா பேசாத."

பெரிய மனிதர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். சார் தொட்டார், மோட்டார் ஓடியது. கை தட்டினார்கள். காரில் ஏறிக் கூனிமேட்டில் பிரியாணி சாப்பிடப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்தப் பொட்டைத் துடைக்க யாருக்குத் தைரியம் வரும்? போதாததற்கு, அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா குளித்துவிட்டு வந்து பழைய சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனம் குழைத்துப் பூசியிருக்கிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. முதலாளி கையால் வைத்த பொட்டு, பெரிய மனிதர் கண்ணால் பார்த்த பொட்டு, அதை வெறுமையாக விட்டால் அவள் மேல்தான் பழி வரும். ஆஃப் வட்டத்தை மட்டும் அவர்கள் விரல் தொட்டுத் தொட்டுப் பளபளவென்று வைத்திருந்தது.

சில வாரம் ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அங்கே கரண்ட் நிலையாக நின்றதே இல்லை. போகும், வரும். வரும்போதெல்லாம் பெட்டி புதிதாக எண்ணிக்கொள்ளும். விடியற்காலை ஈரத்தில் கரண்ட் வந்தால் ஈரத்தோடு சேர்த்தே எண்ணிக்கொள்ளும், அதனால் பிழைத்தது. மின்வாரியத்தின் புண்ணியத்தில் ஓடிய பெட்டியை எங்கள் சார் "டெக்னாலஜி" என்று இரண்டு பேரிடம் விற்க அட்வான்ஸ் பேசிவிட்டார்.

உப்பு வார வேண்டிய நாளுக்கு முந்தைய நாள், நேரம் பார்த்து, மதியம் வந்த கரண்ட் அப்புறம் போகவே இல்லை. மதிய வெயிலில் எண்ணிய காய்ந்த கணக்கே பெட்டியில் நின்றது. இரவெல்லாம் கடல் காற்று. சந்தனத்துக்குள் ஊறிப் படிந்திருந்த உப்பு அந்த ஈரத்தைக் குடித்துக் கசகசத்துவிட்டது. உப்புத் தண்ணீரில் கரண்ட் நன்றாகப் போகும். பச்சை வட்டத்திலிருந்து எர்த் கொடுத்த இரும்பு விளிம்பு வரை ஈரமாக ஒரு பட்டை. சிப்புக்கு அதற்கும் விரலுக்கும் என்ன வித்தியாசம் தெரியும்? எண்ணிப் பார்த்தது, கணக்கு ஏறியிருந்தது, யாரோ தொட்டுவிட்டார்கள் என்று மோட்டாரைப் போட்டுவிட்டது.

விடிந்து அக்கா போனபோது மோட்டார் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மோட்டார் தண்ணீர் ஏற்றும் மேல் பாத்தி நிரம்பி வழிந்து, வரப்பு ஒரு இடத்தில் அறுத்துக்கொண்டு, கீழே உப்பு விளைந்திருந்த பாத்திக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. அது இன்னும் வெயிலில் காயாத லேசான தண்ணீர். அது விளைந்த உப்பின் மேல் நின்றால் உப்பு கரையாமல் என்ன செய்யும்? ஆஃபைத் தொட்டால் நிற்கிறதாம், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தானாகவே கிளம்புகிறதாம். கடைசியில் ஃபியூஸைப் பிடுங்கி எறிந்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். "உப்பு பூடுச்சுடி" என்றாள். டெலிபோன் பூத்திலிருந்து பேசினாள், பின்னால் பஸ் ஹாரன் மட்டும் கேட்டது.

சாரும் நானும் காரில் போனோம். வழியெல்லாம் அவர் ஒரே விஷயத்தைத்தான் யோசித்தார், யார் மேல் போடலாம் என்று. போய்ச் சேர்வதற்குள் முடிவும் செய்துவிட்டார்.

பெரிய மனிதர் எங்களுக்கு முன்பே வந்து, கொட்டகை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா வீட்டுக்காரர் ஓரமாகக் கை கட்டி நின்றார். அக்கா அறுந்த வரப்பின் பக்கம் பாத்தியைப் பார்த்தபடி நின்றாள். கரைந்த பாத்திக்குப் பக்கத்திலேயே இன்னொரு பாத்தி தப்பியிருந்தது. அதில் உப்பு வெள்ளையாக, கண் கூசும்படி கிடந்தது. அவளுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

சார் ஃபியூஸைப் போட்டார். அதற்குள் வெயில் ஏறிச் சந்தனம் மேலாகக் காய்ந்துவிட்டிருந்தது. பெட்டியும் அந்தக் காய்ந்த கணக்கையே எண்ணி வைத்துக்கொண்டது. நின்றோம். மோட்டார் கிளம்பவில்லை. ஆனைத் தொட்டார், ஓடியது. ஆஃபைத் தொட்டார், நின்றது.

"பாத்தீங்களா? பொட்டி தங்கம். ராத்திரி எவனோ கைய வெச்சிருக்கான்." அக்கா வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்பா, போட்டுட்டுப் போய்ப் படுத்துட்டியா? சரக்கு அடிப்பியா நீ?"

"அய்யய்யோ, ராத்திரியில நான் அதைத் தொடறதே இல்லீங்க."

பெரிய மனிதர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார். "மோட்டாரு தானா ஓடுமாப்பா? எனக்கே காது குத்துறியா? இதுக்குத்தான் கூலிக்காரன் கையில பாத்தியக் குடுக்கக் கூடாதுன்றது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குடிப்பழக்கமே இல்லாத மனிதர் அக்கா வீட்டுக்காரர். பையிலிருந்து டெஸ்ட் டிஸ்ப்ளேயை எடுத்தேன், எண்ணிக்கையைக் காட்டும் சின்னத் திரை அது. போர்டில் மாட்டினேன். பச்சை வட்டத்துக்குப் பத்தொன்பது காட்டியது. யாரும் அருகில் இல்லை.

"எல்லாரும் தள்ளிப் போங்க. சார், நீங்க மட்டும் வாங்க. இதுமேல ஊதுங்க."

"என்னாது?"

"வாயால ஊதுங்க சார். கண்ணாடி தொடைக்கிறதுக்கு ஊதுவோமே, அப்படி. கை பின்னால இருக்கட்டும்."

வாயால் செய்கிற வேலை என்றால் அவருக்கு எதற்குப் பயம்? சிரித்துக்கொண்டே குனிந்து, பொட்டின் மேல் ஹாவென்று ஊதினார். இன்னொரு முறை ஊதினார். வாய் ஈரம் சந்தனத்தில் இருந்த உப்பில் பிடித்தது. திரையில் இருபத்திரண்டு, இருபத்து நான்கு, இருபத்தேழு. உள்ளே ரிலே டக்கென்று விழுந்தது. மோட்டார் கிளம்பியது.

யாரும் தொடவில்லை. எல்லாரும் பார்த்தார்கள். என் மனதில் அப்பாடா என்றிருந்தது. நியாயம் பேசினேன், நிரூபித்துவிட்டேன், இனி இந்த மனிதர் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பார் என்று பார்த்தேன்.

அவர் நேராகக் கொண்டுபோய்ப் பெரிய மனிதரின் முன்னால் வைத்தார். "அண்ணாச்சி, பாத்தீங்களா! தொடவே வேணாம். ஊதுனாலே ஓடுது! சிங்கப்பூர்ல கூட இது கெடையாது!"

கூச்சம், நாச்சம் ஏதாவது உண்டா? பெரிய மனிதரும் லேசுப்பட்டவர் இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நிறுத்து, நிறுத்து, நான் ஊதறேன்" என்றார். சார் ஆஃபைத் தொட்டு நிறுத்தி, பொட்டுக்குத் துண்டால் விசிறிக் காய வைத்தார். பெரிய மனிதர் ஊதினார். மோட்டார் ஓடியது. இரண்டு கிழங்களும் குழந்தை மாதிரி சிரித்தார்கள். வீட்டு மாடித் தொட்டிக்கு இதே மாதிரி ஒன்று போடமுடியுமா என்று பெரிய மனிதர் கேட்டார். பேரப்பிள்ளைகளுக்குப் பிடிக்குமாம். போட்டுடலாம், வீட்டுக்கென்றால் வேறு கலரில் போடலாம் என்றார் சார். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. கரைந்த உப்பைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஊதி ஊதி வெளாடுறீங்களே, அங்க தண்ணி போயினு இருக்குதுங்க!"

அக்காவின் குரல் அது. திரும்பிப் பார்த்தேன். அறுந்த வரப்பு இன்னும் அடைக்கப்படாமல்தான் இருந்தது. மேல் பாத்தித் தண்ணீர் அந்த உடைப்பின் வாய் வழியாக இறங்கி, தப்பியிருந்த அந்த ஒரு பாத்தியை நோக்கி வளைந்துகொண்டிருந்தது. அவள் முழங்காலிட்டு, இரண்டு கையாலும் சேற்றை வாரி வாரி வாயை அடைத்தாள். அவள் வீட்டுக்காரர் ஓடினார். நானும் ஓடினேன். மண்ணில் கால் வழுக்கியது. தண்ணீர் நின்றது என்று தெரிந்ததும் அக்கா எழுந்து, எங்கள் யாரையும் பார்க்காமல் கொட்டகைக்குள் நடந்தாள்.

சார், "ஏம்மா, கை சேறு, கை சேறு" என்று குறுக்கே வந்தார். அவரை ஒரு தோளால் ஒதுக்கிவிட்டு, உள்ளங்கையை விரித்துச் சிவப்பு வட்டத்தின் மேல் ஓங்கி அறைந்தாள். மோட்டார் நின்றது. பெட்டி முகப்பில் சிவப்பு வட்டத்திலிருந்து இரும்பு விளிம்பு வரை ஐந்து விரலும் உப்புச் சேற்றில் பதிந்து வழிந்தன.

சார் விடாமல் பொட்டின் மேல் ஊதினார். ஓடவில்லை. விரலால் தொட்டார். ஓடவில்லை. திரும்பத் திரும்பத் தொட்டார். எந்த மோட்டார் பெட்டியிலும் ஆனும் ஆஃபும் சேர்ந்து வந்தால் ஆஃப்தான் ஜெயிக்கும், அப்படித்தான் எழுதியிருந்தேன். அக்கா கையை எடுத்துவிட்டாள், ஆனால் சிப்புக்கு அது தெரியவில்லை. அந்த ஈரச் சேறு இருக்கும்வரை, அவள் கை அங்கேயேதான் இருந்தது.

"என்னாம்மா ஆச்சு?" என்று சார் என்னைக் கேட்டார்.

"அவ தொட்டுனு இருக்கா சார்" என்றேன்.

அக்கா பெரிய மனிதரின் முன்னால் போய் நின்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. "மிச்சம் இருக்கிற பாத்திய நாளைக்கு வாரணும் எனக்கு. இந்தப் பொட்டி இங்க இருந்தா நாங்க இருக்கமாட்டோம். நாங்க இருந்தா இது இருக்கக் கூடாது. இப்பவே சொல்லிடுங்க."

அவர் பாத்தியைப் பார்த்தார், அடைத்த வரப்பைப் பார்த்தார். "இப்ப ஊதுனது நான்தானே" என்றார் கடைசியில், மெதுவாக. பிறகு சாரிடம், "பழைய ஸ்டார்ட்டரையே மாட்டிக் குடுத்துட்டுப் போப்பா" என்றார். பாத்தி யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. ஆனால் வேறு ஆளைப் பற்றி அப்புறம் பேச்சே எடுக்கவில்லை.

சார் கைக்குட்டையை எடுத்துச் சேற்றைத் துடைக்கப் போனார். துடைத்துவிட்டு இன்னொரு முறை ஓட்டிக் காட்டலாம் என்று அவருக்கு இன்னும் ஆசை.

"அதைத் தொடாதீங்க" என்றாள் அக்கா. அவர் கை அப்படியே நின்றது.